வெட்டு இல்லாத படத்துக்கு எழுதும் தாள்: படத்தில் தெரியாதவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

 

உடையார்கட்டுப் பக்கத்தில் இப்போது கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களிடம் அடிக்கடி காதில் விழும் ஆசை ஒன்று உண்டு. வெட்டே இல்லாமல், ஒரே ஓட்டத்தில் ஒரு காட்சியை எடுக்க வேண்டும். 2022 ஜூலையில் பார்த்திபனின் 'இரவின் நிழல்' வந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் பலர் நினைப்பது போல இது கமரா பிடிப்பவரின் கைத்திறன் மட்டும் அல்ல. அதற்கு முன்னால் ஒரு தாள் இருக்கிறது. கமரா எந்த வழியால் போகும், நடிகர் எந்தப் புள்ளியில் நிற்பார், ஒவ்வொன்றுக்கும் எத்தனை செக்கன் என்று எழுதிய தாள். அந்தத் தாளின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

சாதாரணப் படத்தில் ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுத்துப் பின்னர் ஒட்டுகிறார்கள். ஒருவர் வசனத்தை மறந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுக்கலாம். நடை நீண்டுவிட்டால் வெட்டிக் குறைக்கலாம். வெட்டு இல்லாத காட்சியில் இந்த வசதி ஒன்றும் இல்லை. படம் எடுத்த பிறகு செய்யும் வேலை முழுவதையும் படம் எடுக்க முன்னரே, ஒத்திகையிலும் தாளிலும் செய்து முடிக்க வேண்டும்.

இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் அல்பிரட் ஹிட்ச்கொக். 1948 இல் வந்த 'ரோப்' என்ற படம். பற்றிக் ஹமில்டனின் மேடை நாடகம் ஒன்றைத் தழுவியது. இரண்டு இளைஞர்கள் தங்கள் நண்பனைக் கொன்று, உடலை ஒரு பெட்டகத்துக்குள் வைத்து, அதன் மேலேயே சாப்பாடு பரப்பி விருந்து வைக்கிறார்கள். கதை ஒரே வீட்டில், ஒரே மாலையில் நடக்கிறது. அதனால் இடையில் வெட்டாமல் எடுத்துப் பார்க்க ஹிட்ச்கொக் விரும்பினார்.

முழுப் படத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க அன்று வழி இல்லை. கமராவில் மாட்டும் படச்சுருள் 1000 அடி. ஒரு செக்கனுக்கு ஒன்றரை அடி ஓடும். கணக்குப் பார்த்தால் 11 நிமிடத்தில் சுருள் முடிந்துவிடும். ஆகவே காட்சியை ஏறக்குறைய பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு முடியும்போது கமரா ஒருவரின் முதுகுக்குக் கிட்டப் போகும். திரை முழுக்க அவருடைய கோட்டின் கறுப்பு மட்டும் தெரியும். அங்கே நிறுத்தி, அதே கறுப்பில் இருந்து அடுத்த சுருளைத் தொடங்குவார்கள். எல்லா இடத்திலும் இப்படி மறைக்கவில்லை. சில இடங்களில் வெளிப்படையாகவே வெட்டு இருக்கிறது. தியேட்டரில் படத்தை ஓட்டுகிறவர் ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சுருள் மாற்ற வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம்.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். அன்றைய வர்ணக் கமரா ஒரு பெரிய அலுமாரி அளவானது. அது வாசலுக்குள்ளால் போகாது. ஆகவே வீட்டின் சுவர்களைச் சத்தமில்லாமல் தள்ளக்கூடியதாகச் செய்தார்கள். கமரா வரும்போது சுவர் விலகும், போன பிறகு திரும்பி வந்து பழையபடி நிற்கும். மேசை, கதிரைகளை ஆட்கள் இழுத்து எடுத்துவிட்டு, கமரா அந்தப் பக்கம் திரும்ப முன்னர் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். ஒரு சுருளுக்குள் கமரா 25 முதல் 30 தடவை இடம் மாறியது. ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் இலக்கமிட்ட வட்டம் ஒன்று வரைந்திருந்தார்கள். அதற்கும் முதல் எல்லா அசைவுகளையும் கரும்பலகையில் கீறி, எல்லோரையும் இருத்திவைத்து விளங்கப்படுத்தினார்கள். கமராவுடனும் வெளிச்சத்துடனும் பத்து நாள் ஒத்திகை நடந்தது.

இவ்வளவு செய்தும் முதல் சுருள் எப்படிக் கெட்டது என்பதை ஹிட்ச்கொக் பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் துருபோவிடம் சொல்லியிருக்கிறார். எட்டு நிமிடம் ஒரு பிழையும் இல்லாமல் போயிற்று. கொலைகாரர் இருவரும் பெட்டகத்தின் பக்கமாகத் திரும்பி நடக்கிறார்கள், கமராவும் அவர்களோடு திரும்புகிறது. அங்கே யன்னலடியில் மின்வேலையாள் ஒருவர் நிற்கிறார். அவ்வளவுதான், எட்டு நிமிடமும் வீண்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நடிகர்கள் பிழை விடவில்லை. கமராவும் பிழை விடவில்லை. தரையில் இருந்த வட்டங்கள் எல்லாம் சரி. ஆனால் படத்தில் தெரியக்கூடாத ஒரு மனிதருக்கு அந்த நேரத்தில் நிற்பதற்கு ஒரு இடம் இருக்கவில்லை. வெட்டு உள்ள படத்தில் கமரா ஒரு பக்கம் பார்க்கும்போது மற்றப் பக்கம் முழுவதும் வேலையாட்களுக்குச் சொந்தம். வெட்டில்லாத காட்சியில் கமரா திரும்பிக்கொண்டே இருப்பதால் ஒளிந்து நிற்கும் இடமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே தெரியாதவர்களுக்கும் தாளில் ஒரு வரி வேண்டும்.

இன்னொரு இடரும் அந்தப் படத்தில் வந்தது. கதை மாலையில் தொடங்கி இரவில் முடிவதால், பெரிய யன்னலுக்கு வெளியே செயற்கை வானம் ஒன்றை வைத்து வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது பிந்திய சுருள்களில் அந்தி வானம் அளவுக்கு மிஞ்சிச் செம்மஞ்சளாக இருந்தது. துண்டாக எடுத்த படம் என்றால் யன்னல் தெரியும் துண்டுகளை மட்டும் திருத்தலாம். இங்கே சுருள் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 18 நாள் படப்பிடிப்பில் ஒன்பது நாள் அதற்கே போனது.

ஐம்பது ஆண்டுக்குப் பிறகு சுருளின் 11 நிமிட எல்லை இல்லாமல் போனது. 2001 டிசம்பர் 23 அன்று ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், ஹேர்மிற்றாஜ் என்ற பெரிய அரும்பொருட்சாலைக்குள் அலெக்சாந்தர் சொக்குரொவ் 'ரஷ்யன் ஆர்க்' படத்தை உண்மையாகவே ஒரே ஓட்டத்தில் எடுத்தார். படம் 96 நிமிடம். 33 அறைகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நடிகர்கள், மூன்று வாத்தியக் குழுக்கள். கமராவை உடம்பில் கட்டிக்கொண்டு முழுத் தூரமும் நடந்தவர் தில்மன் பியூட்னர் என்ற ஜேர்மன்காரர். படச்சுருள் இல்லை, வீடியோ நாடாவும் இல்லை. இதற்கென்று ஆயத்தப்படுத்திய வன்தட்டில் நேரடியாகப் பதிந்தார்கள். அதில் 100 நிமிடத்துக்குத்தான் இடம்.

100 நிமிட இடத்துக்குள் 96 நிமிடப் படம். மிச்சம் நாலு நிமிடம். இங்கே நேரக் குறிப்பு என்பது அழகுக்காக எழுதியது அல்ல. ஒவ்வொரு அறையிலும் எட்டு எட்டுச் செக்கன் தாமதித்தால் 33 அறைக்கும் சேர்த்து ஏறக்குறைய நாலரை நிமிடம் ஆகிவிடும். கடைசிக் காட்சி தட்டில் பதியாது. வெளியிலும் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் அந்த நகரில் பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. படத்தை எடுக்கக் கிடைத்ததும் அந்த ஒரு நாள்தான். முதல் மூன்று முயற்சிகளும் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நின்றுபோயின. நாலாவதற்கு ஒரு தடவை ஓடப் போதுமான பற்றரி மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நாலாவதுதான் இன்று நாம் பார்க்கும் படம்.

இதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிழைத்த மூன்றும் தொடக்கத்திலேயே பிழைத்தன, உடனே நிறுத்தினார்கள். பிழை முன்பகுதியில் வந்தால் நிறுத்தித் திரும்பத் தொடங்குவதில் இழப்புக் குறைவு. பின்பகுதியில் வந்தால் நிறுத்தாமல் முடித்துவிட்டுப் பிறகு பார்ப்பது நல்லது. எந்த நிமிடம் வரை நிறுத்தலாம், நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் படப்பிடிப்பு நேரத்தில் நாலு பேர் நாலு பக்கம் நின்று சத்தம் போடுவார்கள்.

தமிழில் 2014 இல் வந்த 'அகடம்' இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வெட்டில்லாமல் ஓடி கின்னஸ் பதிவைப் பெற்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் 'இரவின் நிழல்'. அதில் பார்த்திபன் இன்னொரு சிக்கலைச் சேர்த்தார். நந்து என்ற ஒருவனின் வாழ்க்கை முன்னும் பின்னுமாகச் சொல்லப்படுகிறது. ஈரானில் 2013 இல் வந்த 'மீனும் பூனையும்' என்ற படமும் ஒரே ஓட்டத்துக்குள் காலத்தை மடக்கியதுதான். ஆனால் பார்த்திபன் எடுத்தது ஒரு ஆளின் முழு வாழ்க்கையை. வயதுக்கு ஒரு நடிகராகப் பலர் நந்துவாக வருகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதுமையாக இருக்காது. காத்தவராயன் கூத்தில் சிறு பராயத்துக்கு ஒருவர், வளர்ந்த பின் ஒருவர் என்று பலர் காத்தானாக ஆடுவதை விடிய விடியப் பார்த்தவர்கள் அவர்கள். அங்கேயும் வெட்டு இல்லை. ஒரு காத்தான் களரியை விட்டுப் போக மற்றக் காத்தான் வருவார். வித்தியாசம் இதுதான். கூத்தில் சனம் ஒரு இடத்தில் இருக்கும், ஆட்கள் மாறுவார்கள். பார்த்திபனின் படத்தில் பார்க்கும் கண்ணாகிய கமராவே நடந்து போக வேண்டும். ஆகவே ஐம்பது வயதில் இருந்து பத்து வயதுக்குப் போவது என்றால், பத்து வயது வீடு பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். படக்குழு சொன்ன கணக்கின்படி 64 ஏக்கரில் 59 அரங்குகள். 64 ஏக்கர் வயல் எவ்வளவு பெரியது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறு நாள் ஒத்திகை. 22 தடவை பிழைத்து 23 ஆவது தடவை சரிவந்தது. அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைத் தியேட்டரில் படத்துக்கு முன்னரே காட்டினார்கள். படத்தை விட அதைத்தான் எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தாளில் மூன்றாவது வரியாக வருகிறவர்களை அதில் காணலாம்.

இனி ஒரு சின்னக் காட்சியை வைத்து அந்தத் தாளை எழுதிப் பார்ப்போம். எங்கள் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படலை, விறாந்தை, ஒரு அறை, குசினி, பின்னால் கிணற்றடி. கதை இவ்வளவுதான். மகளுக்குச் சாதாரணதரப் பெறுபேறு வந்துவிட்டது, கணக்கில் சித்தி இல்லை. பக்கத்து வீட்டார் சொல்ல முன்னர் அப்பாவிடம் அவளே சொல்ல வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம். கமரா பிடிப்பவர் படம் குலுங்காமல் மெதுவாக நடந்தால் செக்கனுக்கு இரண்டு அடி போவார் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை அடியால் அளந்து இரண்டால் பிரித்தால் செக்கன் வந்துவிடும்.

0:00 – 0:15
கமரா: படலையில் இருந்து விறாந்தை வரை 30 அடி, மகளின் பின்னால்.
நடிகர்: மகள் சைக்கிளை உருட்டி வந்து புள்ளி 1 இல் சாத்துகிறாள்.
தெரியாதவர்: படலையைத் திறந்துவிட்டவர் வேலிக்கு வெளியே குந்தியிருக்கிறார்.

0:15 – 0:35
கமரா: புள்ளி 2 இல் நிற்கும்.
நடிகர்: கதிரையில் அம்மம்மா. "றிசல்ட் வந்ததாமே பிள்ளை?" மகள் பதில் சொல்லாமல் உள்ளே போகிறாள்.
தெரியாதவர்: அறைக்குள் ஒருவர் கதவின் பின்னால் நின்று திரைச்சீலையைப் பிடிக்கத் தயாராகிறார்.

0:35 – 0:45
கமரா: அறைக்குள்ளால் 20 அடி.
நடிகர்: மகள் முன்னால் நடக்கிறாள்.
தெரியாதவர்: சீலை பிடித்தவர் கமரா கடக்கும் வரை கதவோடு ஒட்டி நிற்கிறார்.

0:45 – 1:10
கமரா: குசினி வாசலில், புள்ளி 3.
நடிகர்: அடுப்படியில் அம்மா. "அப்பாட்ட நீயே சொல்லு. மற்ற ஆக்கள் சொல்ல முன்னம் சொல்லு."
தெரியாதவர்: அப்பா கிணற்றடியில் தயார். அயலவர் வேலிக்கு அப்பால்.

1:10 – 1:30
கமரா: இருவரையும் விட்டுப் பின்வாசலால் கிணற்றடிக்கு 40 அடி.
நடிகர்: அப்பா தண்ணீர் அள்ளுகிறார்.
தெரியாதவர்: மகள் பக்கவாசலால் இறங்கி வீட்டைச் சுற்றி 60 அடி நடந்து வாழைப்பத்தைக்குப் பின்னால், புள்ளி 5 க்கு.

1:30 – 2:00
கமரா: கிணற்றடி, புள்ளி 4. பிறகு வாழைப்பக்கம் திரும்பும்.
நடிகர்: வேலிக்கு அப்பால் இருந்து "அண்ணை, பிள்ளையின்ர றிசல்ட்…" என்ற குரல். மகள் வெளியே வந்து "அப்பா" என்கிறாள். வாளிக் கயிறு நிற்கிறது.
தெரியாதவர்: வீட்டு மூலையில் கைகாட்டி ஒருவர்.

இந்தக் காட்சி வெல்வதும் தோற்பதும் ஐந்தாம் பகுதியில். மகள் அப்போது படத்தில் இல்லை, ஆனால் மிகக் கடினமான வேலை அவளுக்குத்தான். தாளில் 20 செக்கன் இருக்கிறது. கமரா குசினியை விட்டு முழுதாகத் திரும்பும் வரை அவள் அசைய முடியாது, அதற்கு நாலு செக்கன். மிச்சம் 16 செக்கனில் 60 அடி, செக்கனுக்கு ஏறக்குறைய நாலு அடி. விரைவாக நடந்தால் போதும். ஓடினால் காலடிச் சத்தம் பதிந்துவிடும், வாழைக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்குவதும் கேட்கும். செருப்பைக் கழற்றிவிட வேண்டும், வழியில் கிடக்கும் காய்ந்த வாழைச்சருகைக் கூட்டிவிட வேண்டும். இவையும் தாளில் எழுத வேண்டியவைதான்.

ஒத்திகையை மூன்று படியாகச் செய்யலாம். முதலில் கமரா இல்லாமல், நடிகர்கள் மட்டும், ஒருவர் கையில் மணிக்கூடு. நேரம் 1:45 வந்தால் சந்தோசப்படாதீர்கள். கமராவுக்காக ஒருவரும் காத்து நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள். இரண்டாவது, போனை ஓடவிடாமல் கையில் பிடித்து முழு வழியையும் நடப்பது. இதில் மொத்த நேரத்தை மட்டும் எழுதாமல் பகுதிக்குப் பகுதி எழுத வேண்டும். மொத்தம் 2:00 என்று சரியாக வந்திருக்கும், ஆனால் அம்மம்மாவின் பகுதி 20 க்குப் பதிலாக 29 செக்கன் எடுத்திருக்கும். அந்த ஒன்பது செக்கனைப் பிடிக்கக் கமராக்காரர் கடைசி நடையில் ஓடியிருப்பார். படத்தில் அது குலுக்கலாகத் தெரியும். மொத்தக் கணக்கு இந்தப் பிழையை மறைத்துவிடும். அம்மம்மாவை வேகமாகக் கதைக்கச் சொல்லக்கூடாது. ஒரு வசனத்தை எடுத்துவிடுங்கள். அல்லது அந்தப் பகுதிக்கு 29 என்றே எழுதி, காட்சியை 2:09 ஆக்குங்கள்.

மூன்றாவது படி, படம் பதிந்துகொண்டு. அப்போது ஒருவரும் மணிக்கூட்டைப் பார்த்து நடிக்கக்கூடாது. அயலவர் 1:35 க்குக் குரல் கொடுப்பதில்லை. அப்பா இரண்டாவது வாளியைத் தூக்கியதும் குரல் கொடுப்பார். முன்பகுதி ஐந்து செக்கன் பிந்தினால் எல்லோரும் தானாகவே ஐந்து செக்கன் பிந்துவார்கள். மகள் மட்டும் அப்பாவைப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறாள். அவளுக்காகத்தான் வீட்டு மூலையில் கைகாட்டி.

கடைசியாக வெளிச்சம். குசினிக்குள் இருந்து கிணற்றடிக்கு வரும்போது போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். படம் ஒருகணம் வெளுத்துப் பிறகு சரியாகும். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினால் அந்தத் துடிப்பு வராது, ஆனால் குசினிக்குப் பூட்டியது முற்றத்தில் வெள்ளைக்கடதாசி போல் இருக்கும். உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பது பொழுது சாயும் நேரம். அந்த வெளிச்சம் அரை மணித்தியாலம் நிற்கும் என்றால், ஒவ்வொரு தடவையும் சைக்கிளையும் சீலையையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஏழு எட்டு நிமிடம் போக, மூன்று தடவைதான் எடுக்கலாம். ஹிட்ச்கொக்கின் அந்தி வானமும் சொக்குரொவின் குறுகிய பகலும் எங்கள் கிணற்றடிக்கும் வரும்.

ஆகவே அடுத்த தடவை பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் எடுக்கப் போகிறோம் என்று வந்தால், போனை வாங்கிப் பார்க்க முன்னர் தாளைக் கேளுங்கள். வீட்டின் வரைபடம் இருக்கிறதா, அடிக்கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூன்றாவது வரியைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், யாரோ ஒருவர் யன்னலடியில் நிற்கப் போகிறார் என்று பொருள்.